கை, ஏரி, அடிமை, சாம்பல்: கஜக் மொழியின் ஒன்பது எழுத்துகள்

கஜக் மொழியில் கையை қол என்றும், ஏரியை көл என்றும், அடிமையை құл என்றும், சாம்பலை күл என்றும் எழுதுகிறார்கள். ருஷ்ய விசைப்பலகை ஒன்றே கைவசம் இருந்த காரணத்தால், இந்நான்கு சொற்களையும் அதில் உள்ள எழுத்துகளைக் கொண்டே ஒருவர் எழுதி அனுப்பிவிட்டாரேயானால், கையும் ஏரியும் кол என்ற ஒரே உருவத்தையும், அடிமையும் சாம்பலும் кул என்ற ஒரே உருவத்தையும் அடைந்துவிடும். கஜகஸ்தானத்தில் லிபி மாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தின் சாரம் முழுவதையும் இந்த நான்கு சிறு சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அந்நாட்டு ஏடுகளை வேற்று மொழிகளில் பெயர்க்கிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதும் அவற்றிலேயே தெரிந்துவிடும்.

கஜக் மொழிக்கான சிரிலிக் லிபியில் மொத்தம் 42 எழுத்துகள் உண்டு. அவற்றில் 33 ருஷ்ய மொழிக்கு உரியவை. எஞ்சிய ә, ғ, қ, ң, ө, ұ, ү, һ, і என்னும் ஒன்பதும் ருஷ்ய மொழியில் இல்லாத ஓசைகளுக்காகச் சேர்க்கப்பட்டவை. இவற்றில் ң என்பது நம்முடைய ஙகர மெய்யின் ஓசை. Қ, ғ இரண்டும் உள்நாக்கின் அருகிலிருந்து எழுபவை. அரபு, பாரசீகச் சொற்களில் மட்டுமே பெரும்பாலும் காணப்படும் һ நம் கிரந்த ஹகரத்தை ஒத்தது. மற்ற ஐந்தும் உயிர்கள்.

இந்த உயிர்களின் முக்கியத்துவத்தை அறியவேண்டுமானால் அம்மொழியின் ஆதாரமான நியதி ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கஜக் இலக்கணத்தார் உயிரோசைகளைத் தடித்தவை, மெலிந்தவை என இரு இனமாகப் பிரிக்கிறார்கள். அம்மொழிக்கே உரிய சொல் ஒன்றில் வரும் உயிர்கள் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகவே இருக்கும். சொல்லோடு சேரும் விகுதியும் அந்த இனத்தைத் தழுவியே உருமாறும். ஆகையால் கைகள் қолдар என்றும், ஏரிகள் көлдер என்றும் பன்மை பெறுகின்றன. கை தடித்த சொல்லாதலின் விகுதியில் அகரம் வருகிறது. ஏரி மெலிந்த சொல்லாதலின் எகரம் வருகிறது. முதலெழுத்திலும் இந்தப் பேதமே நிழலிட்டு நிற்கிறது: தடித்த சொற்களில் қ வருகிறது, மெலிந்த சொற்களில் к வருகிறது.

இந்நியதியை நன்கு உணர்ந்தவர் அஹ்மத் பைதுர்சினோவ் என்னும் கஜக் அறிஞர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்காலத்தில் வழங்கிவந்த அரபு லிபியைத் தம் மொழியின் ஓசைக்கு ஏற்பச் சீர்திருத்த முற்பட்ட அவர், மெலிந்த உயிர் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வகுக்காமல், சொல்லின் தலைப்பில் ஒரு சிறு குறியை இட்டு, அந்தச் சொல் முழுவதையும் மெலிய உச்சரிக்க வேண்டும் என்பதை உணர்த்தினார். சொல்லில் ககர வகையின் மெலிந்த உருவமோ எகரமோ இருந்தால் அவற்றாலேயே மெலிவு விளங்கிவிடுமாதலால், அக்குறிகூட வேண்டாம் என்று விதித்தார். சீனத்தில் வாழும் கஜக் மக்கள் இன்றும் இந்த வழியில் அமைந்த அரபு லிபியையே கையாளுகிறார்கள். சோவியத் நாட்டிலோ 1929இல் லத்தீன் லிபி புகுத்தப்பட்டது. 1937இல் பைதுர்சினோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940இல் லத்தீனும் அகற்றப்பட்டு, இன்றுள்ள சிரிலிக் லிபி வந்தது. ஒரே தலைமுறையினர் மூன்று லிபிகளைக் கற்கவேண்டி வந்ததையும், பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாமற் போனதையும் நினைக்கும்போது, லிபி என்பது வெறும் உடையன்று என்பது மனத்தில் உறைக்கிறது.

கணினி வந்தபோது இந்த ஒன்பது எழுத்துகளும் புதிய சங்கடத்தை அனுபவித்தன. Windows-1251 என்னும் பழைய சிரிலிக் குறியேற்றத்தில் உக்ரைன் மொழிக்காக இடம் பெற்றிருந்த і ஒன்றைத் தவிர மற்ற எட்டுக்கும் இடமில்லை. ஆகவே சிலர் தனி எழுத்துருக்களைச் செய்துகொண்டார்கள். சிலர் அருகில் உள்ள ருஷ்ய எழுத்தையே இட்டு எழுதினார்கள். யூனிகோடு வந்தபின் ஒன்பதுக்கும் நிலையான எண்கள் கிடைத்தன. ஆனால் இன்றைய கஜக் விசைப்பலகையிலும் அவை மேல்வரிசையில், மற்ற பலகைகளில் இலக்கங்கள் இருக்கும் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. அவசரத்தில் எழுதுகிறவர் ருஷ்யப் பலகையிலேயே எழுதி முடித்துவிடும் வழக்கம் நின்றபாடில்லை.

இத்தகைய ஏடு மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வரும்போது அவர் செய்யவேண்டியது என்ன? பெயர் தெரியாத ஒரு கிராமத்தைப் பற்றிய குறிப்பில் колдер என்று கண்டால், விகுதியில் எகரம் இருப்பதைக் கொண்டு, இது மெலிந்த சொல், ஆகவே ஏரிகள் என்று தெளியலாம். Колдар என்று கண்டால் கைகள் என்று கொள்ளலாம். எழுத்தில் அழிந்த பேதத்தை விகுதி காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் விகுதியின்றி кол என்று தனித்து நின்றால் இந்த உபாயம் பயன்படாது. அப்போது வாக்கியத்தின் பொருளே துணை. ஊர்ப்பெயர்களும் மக்கட்பெயர்களும் வாக்கியத்தாலும் விளங்காதவை ஆகையால், அவற்றை மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் பெயர்ப்பது தகாது.

இதைவிட நுட்பமானது கண்ணுக்குத் தெரியாத பிழை. கஜக் ә-வைப் போன்ற தோற்றமுடைய எழுத்து லத்தீனிலும் உண்டு. இரண்டும் தாளில் ஒன்றே, கணினிக்கோ இருவேறு:

```
ә  U+04D9
ə  U+0259
```

ஓர் ஆவணத்தில் பாதி இடங்களில் ஒன்றும், மீதி இடங்களில் மற்றொன்றும் கலந்திருந்தால், தேடுதல் பாதிச் சொற்களையே கண்டெடுக்கும். முன்பு பெயர்த்த வாக்கியங்களைச் சேமித்துவைத்து மீண்டும் எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகமும், பழகிய வாக்கியத்தையே புதியதென்று கருதிக் கைவிடும். திரையில் கண்ணெதிரே நிற்கும் ஒரு சொல்லைத் தேடும்போது, இல்லை என்ற விடை வருமானால், இந்தக் கலப்பே காரணம் என்று ஐயுறலாம். எழுத்தின் எண்ணைப் பார்த்தால் ஐயம் தீரும்.

இத்தகைய தொல்லைகளையும், நாட்டின் தனித்தன்மையையும் கருதி, 2017 ஏப்ரலில் அப்போதைய அதிபர் நூர்சுல்தான் நஸர்பாயெவ் லத்தீன் லிபிக்கு மாறவேண்டும் என்று எழுதினார்; அவ்வாண்டு அக்டோபரில் அதற்கான ஆணை வெளியாயிற்று. சாதாரண ஆங்கிலப் பலகையிலேயே எழுதக்கூடியதாக இருக்கவேண்டும் என்ற நோக்கத்தால், தனி எழுத்துகளுக்குப் பதிலாக எழுத்தின் பின்னே ஒரு மேற்கோள் குறியை இடுவது என்று அதில் முடிவு செய்தார்கள். அப்போது நம் நான்கு சொற்களும் qol, ko'l, qul, ku'l என்றாயின. சேலாப்பழத்தைக் குறிக்கும் шие என்ற மூன்றெழுத்துச் சொல் s'i'e என்றாயிற்று. கண்ணுக்கு உவப்பில்லை என்று பலர் குறை கூறினார்கள். தொழிலுக்கு வந்த இடையூறோ அதனினும் பெரிது. மேற்கோள் குறியைச் சொல்லின் முடிவாகக் கொள்ளும் நிரல்கள் ஒரே சொல்லை இரண்டாகப் பிளந்துவிடும். எழுத்துச் செயலிகள் நேர்குறியைத் தாமாகவே வளைகுறியாக மாற்றிவிடுவதால், ஒரே சொல் இரண்டு வடிவங்களில் பதிவாகும்.

2018 பிப்ரவரியில் அந்தக் குறிகள் நீங்கி, எழுத்தின் மேல் சாய்கோடு வந்தது. ஷகர ஓசைக்கு sh என்னும் இரட்டை எழுத்து வந்தது. கையும் ஏரியும் qol, kól என்றாயின. அடிமையும் சாம்பலும் qul, kúl என்றாயின. ஆனால் இரட்டை எழுத்தினால் வேறொரு மயக்கம் தோன்றியது. உணவுக்கூடத்தை асхана என்பார்கள். உணவைக் குறிக்கும் ас என்பதும், இல்லத்தைக் குறிக்கும் хана என்பதும் சேர்ந்த சொல் அது. இது லத்தீனில் ashana என்றாகும்போது, s, h இரண்டும் தனித்தனி ஓசைகளா, சேர்ந்து ஓரோசையா என்று சொல்லை முன்பே அறியாதவர் தீர்மானிக்க வழியில்லை. 2021இல் முன்வைக்கப்பட்ட 31 எழுத்து வரிவடிவம் இந்த மயக்கத்தை ş என்னும் தனி எழுத்தால் நீக்கியது. அதன்படி நான்கு சொற்களும் qol, köl, qūl, kül என்று ஒன்றோடொன்று கலவாமல் நிற்கின்றன. 2023 தொடங்கி 2031க்குள் மாற்றத்தை நிறைவேற்றுவது என்று அப்போது அறிவித்தார்கள். அதன்பின், இதில் அவசரம் ஆகாது என்று இப்போதைய அதிபர் காஸிம்-ஜோமார்த் தொகாயெவ் கூறியிருக்கிறார். சிரிலிக் இன்றும் அன்றாட வழக்கில் நிலைத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான அபாயம் லத்தீனால் வருவதன்று. லத்தீன் ஒன்றல்ல, மூன்று என்பதால் வருவது. 2018 வடிவில் u என்பது ұ ஓசையைக் குறித்தது. 2021 வடிவில் அதே u மற்றோர் எழுத்தாகிய у-வைக் குறிக்கிறது, ұ-வுக்கு ū வந்துவிட்டது. எனவே qul என்று எழுதிய ஒரு சொல்லை எந்த ஆண்டின் முறைப்படி எழுதினார்கள் என்று அறியாமல் படிக்க முற்படுவது, தேதியில்லாத பத்திரத்தைக் கொண்டு வழக்காடுவதற்கு ஒப்பாகும். லத்தீனில் வந்த ஏட்டைக் கையில் எடுத்தவுடன் மேற்கோள் குறி, சாய்கோடு, இரட்டைப்புள்ளி ஆகியவற்றில் எது உள்ளது என்று பார்த்து, கோப்பின் பெயரிலேயே அந்த வடிவத்தின் ஆண்டைக் குறித்துவைப்பது நலம்.

சிரிலிக்கிலிருந்து லத்தீனுக்கு ஆவணத்தை மாற்றியபின் சிரிலிக் பிரதியை அழித்துவிடக் கூடாது. ஏனெனில் திரும்பும் வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. х, һ இரண்டும் லத்தீனில் h என்ற ஓரெழுத்தாகவே ஆகின்றன. வீரனைக் குறிக்கும் қаһарман என்பது qaharman ஆனபின், அதை மீண்டும் சிரிலிக்கில் எழுதும் நிரலுக்கு எந்த எழுத்தை இடுவது என்று தெரியாது. ஆகவே நினைவகத்தின் மூலப்பிரதி சிரிலிக்கிலேயே இருக்கவேண்டும். லத்தீன் அதிலிருந்து வேண்டும்போது எடுக்கும் பிரதியாக இருக்கவேண்டும்.

பெயர்களின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. முக்தார் அவுயேஸோவ் என்னும் நாவலாசிரியரின் குடும்பப்பெயர் அவருடைய மொழியில் Әуезов என்று எழுதப்படுகிறது. ருஷ்ய மொழி வழியே வெளியுலகம் சென்றபோது அந்த முதலெழுத்து சாதாரண அகரமாகிவிட்டது. இன்றைய அதிபரின் பெயரோ ஆங்கிலத்தில் Kassym-Jomart Tokayev என்றும், கஜக் லத்தீனில் Qasym-Jomart Toqaev என்றும் வருகிறது. இரண்டும் ஒருவரே என்பது அதிபர் விஷயத்தில் எல்லோருக்கும் தெரியும். Kairat என்று கடவுச்சீட்டிலும் Qairat என்று வேறோர் ஏட்டிலும் பெயருடைய சாமானியர் ஒருவரை, அயல்நாட்டு அதிகாரி இருவர் என்று எண்ணக்கூடும். சான்றிதழைப் பெயர்க்கிறவர் கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே எழுதி, மூலத்தில் உள்ள எழுத்தைப் பக்கத்தில் குறிப்பாகத் தருவதே தகுந்த முறை.

இவ்வளவையும் செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் காப்பது ஒன்பது எழுத்துகளின் உருவத்தை அன்று. அவற்றின் மேலுள்ள கோடும் வாலும் நாளை புள்ளியாகலாம், மறுநாள் வேறொன்றாகலாம். ஒரு கிராமத்தார் தங்கள் ஏரியைப் பற்றி எழுதியதை, வேற்று மொழியில் படிக்கிறவரும் ஏரியென்றே படிக்கவேண்டும். அதற்கு வேண்டிய பேதம் எந்த லிபியில் எந்தக் குறியில் தங்கியிருக்கிறது என்று தேடிக் கண்டு, அதைச் சிந்தாமல் மறுகரை சேர்ப்பதே அவர் ஏற்ற கடமை.