எந்தக் குப்பியில் சிவப்பு அதிகம்?

நிறமற்ற பெனாந்த்ரோலின் கரைசலை இரும்பு(II) கரைசலில் ஊற்றினால் உடனே ஆரஞ்சுச் சிவப்பு பரவும். ஓர் இரும்பு அயனியை எத்தனை பெனாந்த்ரோலின் மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன? பிரெஞ்சு வேதியியலாளர் பால் ஜாப் 1928-இல் விரிவாக எழுதிய முறை இதற்கு எளிதாக விடை தருகிறது.

இரண்டு கரைசல்களும் ஒரே செறிவில், லிட்டருக்கு 0.00025 மோல் அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு குப்பியிலும் மொத்தம் 10 மி.லி.; பங்கு மட்டும் மாறும். பிறகு 510 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும்.

சரிபாதியாகக் கலந்தால், 5 மி.லி. பெனாந்த்ரோலின் 1.7 மி.லி. இரும்புக்குத்தான் போதும், மீதி இரும்பு நிறம் தராமல் சும்மா கிடக்கும். இரும்பு 1 மி.லி. என்றால் பெனாந்த்ரோலின் மிஞ்சும். இரும்பு 2.5, பெனாந்த்ரோலின் 7.5 என்ற குப்பியில் எதுவும் மிஞ்சாது. வரைபடத்தின் உச்சி அங்கேதான்: உறிஞ்சல் ஏறத்தாழ 0.7, விகிதம் 1:3.

பிணைப்பு வலுவாக இருப்பதால் இங்கே உச்சி கூராக வரும். பிணைப்பு தளர்ந்த சேர்மங்களில் அது மழுங்கும். அப்போது இருபுறமும் உள்ள நேர்கோடுகளை நீட்டி, அவை வெட்டும் இடத்தைப் பார்க்கிறார்கள்.

இரும்பு(III) சாலிசிலேட்டில் கூடுதல் கவனம் தேவை. அமிலத்தில் ஊதா நிற 1:1 சேர்மம் உருவாகும். அமிலத்தன்மை குறைந்தால் 1:2, 1:3 சேர்மங்களும் வந்துவிடும். அதனால் அமில அளவை மாறாமல் வைத்து, வேறு அலைநீளங்களிலும் அளக்க வேண்டும். அலைநீளத்தோடு உச்சியும் நகர்ந்தால், கரைசலில் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன.