புக்ல 49, நமக்கு வந்தது 53: பிராக்டிக்கல்ல தப்பு எங்கே ஒளிஞ்சிருக்கு?

சோமனூர்ல இருக்கும் சித்தப்பா பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன். பின்னணியில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்.

"ஏனுங்க்கா, எனக்கு மட்டும் 53 வருதுங்க. புக்ல 49னு போட்டிருக்கு. என் ஃப்ரெண்டுக்கு 47. ரெக்கார்டுல ஒரு ரீடிங்கை மட்டும் மாத்தி எழுதிட்டா 49 வந்துருமுங்க. மாத்தட்டுங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்காம பிளஸ் டூ முடிச்சவங்க கம்மி. நானும் கேட்டிருக்கேன். ஆனா அந்த ராத்திரி நாங்க எதையும் அழிக்கல. ஒவ்வொரு அளவும் எவ்வளவு நம்பகமானதுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தப்பு இருந்தது, அவள் மாத்த நினைச்ச இடத்தில் இல்லை.

சோதனை என்ன?

கம்பிச்சுருள் ஒன்று கொடுப்பாங்க. மீட்டர் சமனச்சுற்றை வைத்து அந்த உலோகத்தின் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்கணும். தமிழ்நாட்டு பிளஸ் டூ இயற்பியல் செய்முறைப் பட்டியலில் வழக்கமா இருக்கும் சோதனைதான். சூத்திரம் இதுதான்:

ρ = P × πr² / L

P என்பது கம்பியின் மின்தடை, r அதன் ஆரம், L நீளம். P-ஐக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் நீளக் கம்பி மேல தொடுசாவியை நகர்த்தி, கால்வனோமீட்டர் முள் அசையாத இடத்தைக் குறிக்கணும். நீளத்துக்கு ஸ்கேல் போதும். விட்டத்தை எடுக்கத் திருகு அளவி, அதாவது ஸ்க்ரூ கேஜ்.

அவள் கையில் இருந்தது கான்ஸ்டன்டன் கம்பி. அதன் மின்தடை எண் சுமார் 49 × 10⁻⁸ ஓம் மீட்டர். இனி 10⁻⁸-ஐ விட்டுட்டு வெறும் 49, 53ன்னே பேசுவோம்.

அவள் எடுத்த அளவுகள் இவை. தெரிந்த மின்தடை 3 ஓம். சமன்செய் நீளம் 49.6 செ.மீ., அப்போ மறுபக்கம் 50.4 செ.மீ. கம்பியின் நீளம் 100 செ.மீ. விட்டம் 0.48 மி.மீ. கணக்குப் போட்டா P = 2.95 ஓம், மின்தடை எண் 53.4.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு '±'

எந்தக் கருவியும் ஒரே ஒரு எண்ணைத் தராது. "இதுக்கும் இதுக்கும் நடுவுல எங்கயோ" என்றுதான் சொல்லும். அந்த நடுவு எவ்வளவு அகலம் என்பதைத்தான் ± காட்டுது.

நீளத்தில் தொடங்குவோம். சுருளைப் பிரிச்சு நேராக்கி அளந்தாலும் 2 மி.மீ. முன்னபின்ன ஆகும். 100 செ.மீ.க்கு 0.2 செ.மீ. என்றால் 0.2 சதவீதம். கண்டுக்க வேண்டியதில்லை.

அடுத்தது தொடுசாவி. ஸ்கேல்ல 1 மி.மீ. கோடு இருந்தாலும், முள் "அசையல" என்பதை நம்ம கண்தான் முடிவு பண்ணுது. தொடுசாவியைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தியும் முள் அசையாம இருந்த தூரம் சுமார் 2 மி.மீ. அதனால ± 0.2 செ.மீ. என்று எடுத்தோம். 49.6-ல் அது 0.4 சதவீதம், 50.4-லும் 0.4 சதவீதம். தொடுசாவி ஒரு பக்கம் நகர்ந்தா ஒரு நீளம் கூடும், இன்னொன்று குறையும். ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது ரெண்டு பிழையும் ஒரே திசையில் சேரும். ஆக மொத்தம் 0.8 சதவீதம்.

இதனாலதான் சமன்புள்ளி நடுவுல வர்ற மாதிரி தெரிந்த மின்தடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்க. அதே 2 மி.மீ. பிழை 10 செ.மீ. இடத்தில் நடந்தா, 2 சதவீதமும் 0.2 சதவீதமும் சேர்ந்து 2.2 ஆகிடும். கை அதே கைதான், பிழை கிட்டத்தட்ட மூணு மடங்கு.

வில்லன் விட்டம்

இப்போ திருகு அளவி. அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. கேட்கும்போது மூணு கருவியிலயும் இதுதான் துல்லியம்னு தோணும். ஆனா அளக்கும் கம்பியே 0.48 மி.மீ.தான். 0.48-ல் 0.01 என்பது 2.1 சதவீதம்.

கதை அங்கேயே முடியல. சூத்திரத்தில் ஆரம் r² என்று நிற்குது. ஆரம் 2 சதவீதம் கூடினா பரப்பு எவ்வளவு கூடும்? 1.02 × 1.02 = 1.0404. அதாவது 4 சதவீதம். இருமடியில் இருக்கும் அளவின் சதவீதப் பிழை விடைக்குள் ரெண்டு மடங்காப் போகும், மும்மடியில் இருந்தா மூணு மடங்கு. பிளஸ் ஒன் புத்தகத்தில் 'பிழைகளின் பெருக்கம்' என்று படிச்சது இதைத்தான்.

ஆக விட்டத்திலிருந்து மட்டும் 4.2 சதவீதம். தொடுசாவி 0.8, நீளம் 0.2. பள்ளி முறைப்படி கூட்டினா 5.2 சதவீதம். 53.4-ல் அது 2.8, ஏறக்குறைய 3.

எனவே அவளுடைய விடை 53 ± 3. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டும். ஆனா 3 வரைக்கும் சந்தேகம் இருக்கும் விடையில் தசமப் புள்ளிக்குப் பின்னாடி எழுதுற எதுக்கும் அர்த்தம் இல்லை.

± தான் துப்பு கொடுத்தது

53 ± 3 என்றால் 50 முதல் 56 வரை. புத்தகத்தின் 49 இதுக்குள்ள இல்லை. வெறும் 53-ஐயும் 49-ஐயும் பக்கத்துல வச்சுப் பார்த்தா "கிட்டத்தட்டதானே" என்று விட்டிருக்கலாம். ± போட்டதும்தான் தெரிஞ்சது: நம்ம கணக்கில் வராத பிழை ஒன்று எங்கேயோ இருக்கு.

எங்கே தேடுவது? அவள் மாத்த நினைச்சது சமன்செய் நீளத்தை. விடை 49 வரணும்னா 49.6-ஐ 47.4 ஆக்கணும். 2.2 செ.மீ. தள்ளணும். அந்த அளவின் சந்தேகமே 0.2 செ.மீ.தான், அதைப் போல பதினோரு மடங்கு தள்ளினால்தான் விடை சரியாகும். தவிர, மின்தடைகளை இடம் மாத்தி எடுத்த ரெண்டாவது ரீடிங் 50.4 என்று ரெக்கார்டிலேயே இருக்கு. முதலாவதை 47.4 ஆக்கினா ரெண்டாவது 52.6 ஆக இருக்கணும். மாத்தி எழுதினது அங்கேயே மாட்டிக்கும்.

சந்தேகம் அதிகமா இருக்கும் இடத்தில்தான் முதலில் தேடணும். அது விட்டம்.

"ஸ்க்ரூ கேஜை மூடிப் பார்த்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாளைக்குப் பார்க்கறனுங்க்கா."

மறுநாள் பார்த்தாள். ரெண்டு முகமும் ஒட்டியிருக்கும்போது தலைக்கோலின் சுழி, புரிக்கோட்டுக்கு வரல. 2-வது பிரிவு வந்து நின்னுச்சு. நேர்க்குறி சுழிப்பிழை, 0.02 மி.மீ. கம்பியே வைக்காம 0.02 காட்டும் கருவி, எந்தக் கம்பியை வச்சாலும் 0.02 கூடத்தான் காட்டும். அதைக் கழிச்சா விட்டம் 0.46 மி.மீ.

இப்போ மறுபடி கணக்கு. பரப்பு குறையுது, விடை 49.1. சதவீதப் பிழை விட்டத்தில் 4.3, மத்தது 1.0, மொத்தம் 5.3. அதாவது 49 ± 3. புத்தக மதிப்பு உள்ளே வந்துடுச்சு. ஃப்ரெண்டோட 47-ம் 46 முதல் 52 வரை என்ற இந்த எல்லைக்குள்ளதான் இருக்கு. ரெண்டு பேர் விடையும் முரண்படவே இல்லை.

அஞ்சு தடவை எடுத்தேனே?

அவள் கேட்ட நியாயமான கேள்வி இது. கம்பியின் அஞ்சு இடத்தில் விட்டம் எடுத்து சராசரி போட்டிருந்தாள். சராசரி போட்டா, ஒரு தடவை கூடி ஒரு தடவை குறையும் பிழைகள் அடங்கும். சுழிப்பிழை அப்படி இல்லை. அஞ்சு தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு. ஐநூறு தடவை எடுத்தாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதை முறையான பிழை என்பாங்க.

இதில் மாட்டினது நம்ம மட்டும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வச்சு அளந்த ராபர்ட் மில்லிகன், 1913-ல் அன்றைய அலகில் 4.774 ± 0.009 என்று வெளியிட்டார். இன்றைய மதிப்பு 4.803. வித்தியாசம், அவர் சொன்ன சந்தேகத்தைப் போல மூணு மடங்குக்கு மேல. காரணம், துளி விழும் வேகத்தை மின்னூட்டமா மாத்த அவர் பயன்படுத்திய காற்றின் பாகியல் எண் கொஞ்சம் குறைவா இருந்தது. சூத்திரத்தில் அது ஒன்றரை மடியில் வரும், அதனால அதன் பிழையும் ஒன்றரை மடங்காச் சேர்ந்தது. துளிகளை எத்தனை முறை பார்த்தாலும் இது வெளியே தெரியாது. எக்ஸ் கதிர்களை வைத்து வேறு வழியில் கணக்கிட்டவங்களுக்கு விடை ஒத்துப்போகாததால்தான் பிற்பாடு பிடிபட்டது. நடுவுல, 1923-ல், அவருக்கு நோபல் பரிசும் வந்துடுச்சு.

± 3-ஐக் குறைக்க முடியுமா?

முடியும், ஆனா சரியான இடத்தில் கை வைக்கணும். நீளத்தை எவ்வளவு கவனமா அளந்தாலும் 5.3-ல் 0.2தான் குறையும். விட்டத்தைப் பிடிச்சாதான் பலன்.

அதுக்கு சோமனூர்க்காரங்களுக்குப் பழகின வழி ஒன்று இருக்கு. துணியில் நூல் அடர்த்தியைப் பார்க்கிறவங்க ரெண்டு நூலுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க மாட்டாங்க. லென்ஸை வச்சு ஒரு இஞ்சுக்குள்ள எத்தனை நூல்னு எண்ணுவாங்க. கம்பியையும் பென்சிலில் நெருக்கமா 20 சுற்று சுத்தி, மொத்த அகலத்தை அளந்து 20-ஆல் வகுக்கலாம். அகலம் சுமார் 9.2 மி.மீ. சாதாரண வெர்னியரில் 0.1 மி.மீ. பிழை வந்தாலும் அது 1.1 சதவீதம்தான். திருகு அளவியில் இருந்த 2.2 பாதியாகிடுச்சு.

ஒரு எச்சரிக்கை: சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலோ, கம்பி மேல இன்சுலேஷன் இருந்தாலோ விட்டம் எப்பவும் கூடத்தான் வரும். அதுவும் ஒரு முறையான பிழை. அதனால ரெண்டு முறையிலும் அளந்து, ஒத்துப்போகுதான்னு பார்ப்பது நல்லது.

கல்லூரிக்குப் போனா, பிழைகளை அப்படியே கூட்டாம ஒவ்வொன்றையும் இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சொல்வாங்க. எல்லாப் பிழையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம் என்பதுதான் காரணம். அப்படிப் போட்டாலும் இங்கே 5.3 என்பது 4.4 ஆகும், அவ்வளவுதான். பெரிய பிழை ஒன்று இருந்தா எந்த முறையிலும் விடையை அதுதான் ஆளும்.

ரெக்கார்டில் அவள் 0.48-ஐ அழிக்கல. பக்கத்தில் சுழித்திருத்தம் −0.02 என்று எழுதி, கடைசி வரியில் (49 ± 3) × 10⁻⁸ ஓம் மீட்டர் என்று முடிச்சாள்.

இதே கணக்கு பக்கத்து ஊர் திருப்பூரிலும் ஓடுது. பனியன் துணியின் ஜிஎஸ்எம் பார்க்க வட்டமா வெட்டும் கட்டர், 100 சதுர செ.மீ. வெட்டணும். அந்த வட்டத்தின் விட்டம் 1 சதவீதம் பெருசானா, ஜிஎஸ்எம் 2 சதவீதம் கூடக் காட்டும். எத்தனை துண்டு வெட்டி எடை போட்டாலும் கூடத்தான் காட்டும்.