கடித்த கட்லெட்டை முழுசாக்குவது எப்படி?

மெனு அட்டைக்காக எடுத்த ஒரு படத்தைப் பார்ப்போம். புள்ளிகள் தெளித்த, சற்றே சொரசொரப்பான சாம்பல் நிறப் பீங்கான் தட்டு. அதில் இரண்டு கட்லெட், பக்கத்தில் தக்காளி சாஸ். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். எல்லாம் சரிதான், ஆனால் ஒரு கட்லெட்டின் முன் ஓரத்தை யாரோ கடித்திருக்கிறார்கள். தட்டில் தூள் உதிர்ந்திருக்கிறது, விளிம்பில் சாஸ் இழுவியிருக்கிறது. போட்டோஷாப்பில்தான் சரிசெய்தாக வேண்டும்.

இவை மூன்றும் மூன்று விதமான சேதம். தூள் தட்டை மறைக்கிறது. இழுவிய சாஸ் தட்டுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறது, அதன் அடியில் தட்டின் புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. கடித்த இடத்திலோ பொருளே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பிரஷால் தேய்த்தால் தட்டின் சொரசொரப்பு போய்விடும், சாஸும் மங்கிவிடும்.

முதலில் தூள். மூலப் படத்தில் கை வைக்காமல், மேலே ஒரு காலி லேயர் திறந்து, Spot Healing Brush கருவியில் Sample All Layers என்பதைத் தேர்வுசெய்யுங்கள். பிரஷ் தூளைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஒவ்வொரு துணுக்குக்கும் வலப்பக்கம் ஒரு குட்டி நிழல் இருக்கும்; அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் காரணமில்லாத கறை தங்கிவிடும். சாஸை ஒட்டிய தூளுக்கு மட்டும் இந்தக் கருவி ஆகாது. அது சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து ஒட்டவைப்பதால் சிவப்பு தட்டுக்குள் கசியும். அங்கே உள்ளதை உள்ளபடி நகலெடுக்கும் Clone Stamp வேண்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப நகலெடுத்தால் அதே புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். மூல இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

விளிம்பில் இழுவிய தடத்தை அழிக்கவே வேண்டாம், சாயத்தை மட்டும் எடுத்தால் போதும். புதிய லேயரின் கலப்பு முறையை Color என்று வைத்து, பக்கத்தில் சுத்தமாக இருக்கும் தட்டின் நிறத்தை எடுத்துத் தடத்தின் மேல் பூசுங்கள். இந்த முறை நிறத்தை மட்டும் மாற்றி, வெளிச்ச ஏற்ற இறக்கத்தைத் தொடாமல் விடும். அதனால் புள்ளியும் சொரசொரப்பும் அப்படியே இருக்கும். பூசிய பிறகும் அந்த இடம் சற்று இருண்டு தெரிந்தால், அங்கே மட்டும் Curves கொண்டு லேசாக ஏற்றலாம். சாஸ் தடிப்பாக விழுந்து தட்டையே மறைத்திருந்தால் இது பலிக்காது. விளிம்பின் வேறு பகுதியிலிருந்து நகலெடுக்க வேண்டியதுதான்.

சாஸுக்குள் விழுந்த தூள்தான் கைத்திறனைச் சோதிப்பது. சாஸின் பளபளப்பு அதன் நிறமல்ல, ஜன்னலின் பிரதிபலிப்பு. ஆகவே அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். தூள் அந்த ஓரத்தின் மேல் கிடந்தால், தானாகச் சரிசெய்யும் பிரஷ் வெள்ளையையும் சிவப்பையும் குழப்பி இளஞ்சிவப்புப் புகையாக்கிவிடும். இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் பளபளப்பை மறந்துவிட்டு, அந்த இடத்தைச் சாஸின் சிவப்பால் நிரப்புங்கள். பிறகு தனி லேயர் ஒன்றின் கலப்பு முறையை Lighten என்று வைத்து, அதில் Clone Stamp கருவியால், அதே சாஸில் இருக்கும் இன்னொரு மினுக்கத்தின் ஓரத்தைக் கொண்டுவந்து பொருத்துங்கள். வெள்ளை நிறத்தைக் கையால் தீட்டினால் அது சாஸின் மேல் ஒட்டியதாகவே தெரியும்.

கடைசியாகக் கடித்த ஓரம். கட்லெட்டின் மறுபக்க ஓரத்தை வெட்டித் திருப்பி ஒட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் திருப்பினால் வெளிச்சமும் திரும்பிவிடும். ஜன்னல் இடப்பக்கம் இருக்க, ஒட்டிய துண்டு வலப்பக்கம் மின்னும். நல்லவேளையாக இரண்டாவது கட்லெட் இருக்கிறது. அதன் முன் ஓரத்தில் அதே பகுதியை Lasso கொண்டு தாராளமாகச் சுற்றி, Ctrl+J அழுத்தித் தனி லேயராக்கி, கடித்த இடத்துக்கு நகர்த்திச் சற்றே சாயுங்கள். சேரும் கோடு நேராக இல்லாமல், ரஸ்க் தூள் மேலோட்டின் மேடுபள்ளத்தை ஒட்டி வளைந்து போகும்படி மாஸ்க்கில் மறைத்தால் ஒட்டு தெரியாது. அந்தத் துண்டுக்கு அடியில் Multiply லேயர் ஒன்றில் நிழல் வேண்டும்: கட்லெட்டை ஒட்டி இருட்டாக, வெளியே போகப்போக மங்கலாக. நிழலுக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். பக்கத்து நிழலின் நிறத்தையே எடுங்கள்.

வேலை சரியா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து மாறுபாட்டைத் தாறுமாறாகக் கூட்டுங்கள். தேய்த்த இடங்கள் திட்டுத்திட்டாக வெளிவரும். திருத்திவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

தட்டில் ஒரே கட்லெட் இருந்து, அதிலும் பாதி போயிருந்தால் கடன் வாங்க இடமில்லை. அப்போது புதிதாக ஒன்றைப் பொரித்து, அதே ஜன்னலருகே வைத்துப் படமெடுப்பதே சீக்கிரம் முடியும்.