கல்லாப்பெட்டியில் ஒரு ஆன்டாசிட் பாட்டில்

மளிகைக்கடை அண்ணாச்சிக்கு வெறும் வயிற்றில்தான் எரிச்சல். ஆன்டாசிட் இரண்டு மூடி குடித்தால் அடங்கும். சற்று நேரத்தில் மறுபடி கிளம்பும். இப்படியே 7 மாதம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் கூடவே ஓடியது.

ஆன்டாசிட் சுரந்த அமிலத்தைத் தணிக்கும். புண்ணுக்கான காரணத்தை அது தொடாது. எரிச்சல் அடங்கியதால் புண் ஆழமாவது அவருக்குத் தெரியவில்லை. பிறகு அரிசி மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்தது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். இவர் அதைச் சாப்பிடவே இல்லை. உள்ளே கசிந்த ரத்தம் குடலைக் கடந்து வந்த நிறம் அது. மகள்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

ஹீமோகுளோபின் 8. எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. இரைப்பையில் எடுத்த திசுவில் எச். பைலோரி கிருமி.

“அந்த வலி மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க அண்ணாச்சி. புண்ணை அதுவும் கிளறியிருக்கு,” என்றார் டாக்டர்.

ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும் 14 நாள். எரிச்சல் முன்பே போய்விட்டாலும் பாதியில் விடக்கூடாது. தப்பிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். கிருமி ஒழிந்ததா என்ற சோதனை, ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து.