டி.டி.எஸ் மீட்டர் 900 காட்டுதா? ஆர்.ஓ., யு.வி., யு.எஃப்... உங்க வீட்டுக்கு எது சரி?

வீட்டு வாசலுக்கு வர்ற சில வாட்டர் ப்யூரிஃபையர் ஏஜென்ட்டுகள் ஒரு டெமோ காட்டுவாங்க, பார்த்திருக்கீங்களா? ஒரு டம்ளர்ல உங்க வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல ஆர்.ஓ. தண்ணி. ரெண்டுலயும் கம்பி வச்ச ஒரு கருவியை விட்டு கரன்ட் கொடுத்தா, உங்க தண்ணி மட்டும் காபி கலர்ல மாறிடும். "இதையா குழந்தைக்குக் குடுக்குறீங்க?"னு கேட்டதும் வீட்டுல இருக்கிறவங்க ஆடிப் போயிடுவாங்க.

உண்மை என்னன்னா, அந்தக் கலர் தண்ணியில இருந்து வரலை. கருவியில இருக்கிற இரும்புக் கம்பி கரைஞ்சுதான் வருது. தண்ணியில உப்பு இருந்தா கரன்ட் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு ரொம்பக் குறைவு என்பதால் ஒண்ணும் நடக்காது. அந்த டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்க. அதுவும் பழுப்பாகும்!

மீட்டர் சொல்றதும் சொல்லாததும்

பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ் மீட்டரும் கரன்ட் எவ்வளவு பாயுதுன்னுதான் அளக்குது. அதை வச்சு, ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டுது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி (ஐ.எஸ். 10500) 500 வரை ஏற்கத்தக்கது. வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரை அனுமதி.

ஆனா, கிருமி இருக்கான்னு மீட்டருக்குத் தெரியாது. 200 காட்டுற தண்ணியிலும் வயிற்றுப்போக்கு கிருமி இருக்கலாம். ஃப்ளூரைடு, நைட்ரேட் எவ்வளவுன்னும் அது தனியா பிரிச்சுச் சொல்லாது.

ஒரே வீடு, ரெண்டு தண்ணி

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை எடுத்துக்குவோம். பஞ்சாயத்துக் குழாய்ல 350, வீட்டு போர்வெல்ல 900 காட்டுதுன்னு வச்சுக்குவோம்.

350 காட்டுற குழாய்த் தண்ணிக்கு உப்பு பிரச்னை இல்லை. மேல்நிலைத் தொட்டியிலயோ, குழாய் உடைஞ்ச இடத்துலயோ கிருமி சேரலாம் என்பதுதான் கவலை. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா யு.வி. போதும். அதோட ஒளி கிருமியைச் செயலிழக்க வைக்கும். ஆனா, மழைக்காலத்துல கலங்கி வந்தா ஒளி முழுசா ஊடுருவாது. கரன்ட் போனா வேலையும் செய்யாது.

அடிக்கடி கரன்ட் போகுதா, தண்ணி கலங்கலா வருதா? அப்போ யு.எஃப். நல்லது. நுண்ணிய துளைகள் உள்ள இழைகள் வழியா தண்ணியை வடிகட்டும். சேறு, பாக்டீரியா நின்னுடும். பல மாடல்களுக்கு கரன்ட்டே வேண்டாம். ரொம்பச் சின்ன வைரஸ் சில நேரம் தப்பிக்கலாம். அதனால ரெண்டும் சேர்ந்த மெஷின் இன்னும் பாதுகாப்பு. இவை எதுவும் உப்பைக் குறைக்காது.

900 காட்டுற போர் தண்ணியைத்தான் குடிக்கணும்னா ஆர்.ஓ. வேணும். அது சுமார் 90 சதவிகித உப்பை எடுத்தா, வெளியே வர்றது 90. ஆனா, ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு 2 லிட்டர் கழிவு போகுதுன்னா, தினம் 15 லிட்டருக்கு 30 லிட்டர் கழிவு. விட்டுப்போன உப்பெல்லாம் அதுலதான் இருக்கும். அதோட டி.டி.எஸ் சுமார் 1,300. வீடு துடைக்க, கழிவறைக்கு ஊத்தலாம். செடிக்குத் தினமும் ஊத்தாதீங்க, மண்ணுல உப்பு ஏறிடும்.

350 குழாய்த் தண்ணிக்கும் ஆர்.ஓ. போட்டா, நல்லா இருக்கிற தண்ணியையே சாக்கடையில விடுற மாதிரி. டி.டி.எஸ் 500-க்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்.ஓ.வைத் தடை செய்யணும்னு 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் இதனாலதான்.

ஒரு விதிவிலக்கு

வயல் நடுவுல போர், பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தா நைட்ரேட் சேரலாம். அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். டி.டி.எஸ் 400 காட்டுற தண்ணியிலும் அது வரம்பைத் தாண்டலாம். நிறமோ வாசனையோ இருக்காது. காய்ச்சினாலும் போகாது, யு.வி., யு.எஃப். கிட்டயும் போகாது. அங்கே ஆர்.ஓ. தேவைப்படும். அதனால மெஷின் வாங்கும் முன்னாடி குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துல ஒருமுறை தண்ணியைப் பரிசோதிச்சுடுங்க.

வாங்கின பிறகும் மீட்டரைத் தூக்கிப் போடாதீங்க. மாசம் ஒருமுறை ஆர்.ஓ.வுக்கு உள்ளே போற தண்ணியையும் வெளியே வர்றதையும் அளங்க. 90 காட்டினது 250, 300-னு ஏறிட்டே போனா, மெம்ப்ரேன் மாத்துற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்!