40 பைட்டில் ஒரு மாணவர்

பொறியியலோ, பி.சி.ஏ.வோ, பாலிடெக்னிக்கோ, சி மொழியைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இந்த அசைன்மென்ட் அநேகமாக வந்தே தீரும். மாணவர்களின் ரோல் நம்பர், பெயர், மதிப்பெண் மூன்றையும் பதிந்து வைக்க வேண்டும். திரையில் ஒரு மெனு வரும்: 1 அழுத்தினால் புதிதாகச் சேர்க்கலாம், 2 பட்டியல், 3 திருத்தம், 4 நீக்கம், 5 வெளியேற்றம். கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தாலும் பதிவுகள் அப்படியே இருக்க வேண்டும். அதற்காக அவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொல்வார்கள்.

புரோகிராமை எழுதி, மூன்று பேரைச் சேர்த்து, பட்டியலையும் பார்த்தாயிற்று. அடுத்து மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பது. பெயர்கள் தெரிகின்றன, ஆனால் எண்களைக் காணோம். ரோல் நம்பர் 101 இருக்க வேண்டிய இடத்தில் e என்ற எழுத்து நிற்கிறது, பெயருக்குப் பின்னால் ஏதேதோ கட்டங்கள், கடைசியில் ஒரு B. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் கோப்பு கெடவில்லை. அந்த e என்பதே 101தான்.

இதைப் புரிந்துகொள்ள, பதிவின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

```c
struct student {
    int roll;
    char name[30];
    float marks;
};
```

வெவ்வேறு வகையான தகவல்களை ஒரே பெயரின் கீழ் சேர்த்துக் கட்டுவதே `struct`. டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியில் இந்த வசதி சேர்ந்த பிறகுதான், 1973இல் யூனிக்ஸின் மையப்பகுதியை சி மொழியிலேயே திருப்பி எழுத முடிந்தது. நம் கணக்குக்கு வருவோம். இன்றைய சாதாரண கம்பைலரில் `int` 4 பைட், பெயருக்கு 30, `float` 4. கூட்டினால் 38. ஆனால் `sizeof` கேட்டுப் பார்த்தால் 40 என்று சொல்லும். மதிப்பெண் நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக, 34ஆம் இடத்தில் முடியும் பெயருக்குப் பிறகு கம்பைலர் 2 பைட்டைக் காலியாக விட்டு, 36ஆம் இடத்தில் மதிப்பெண்ணை வைக்கிறது.

`fwrite` இந்த 40 பைட்டையும் நினைவகத்தில் இருக்கிறபடியே கோப்பில் இறக்கிவிடும். எண்ணை எழுத்தாக மாற்றி எழுதுவது அதன் வேலை இல்லை. ஆகவே 101 என்ற எண் 101 என்ற மதிப்புள்ள பைட்டாகவே இறங்குகிறது. நோட்பேடோ எல்லாவற்றையும் எழுத்தாகவே படிக்கும். ஆஸ்கி அட்டவணையில் 101 என்பது e. இரண்டாவது மாணவருக்கு f, மூன்றாமவருக்கு g. மதிப்பெண் 32க்கு மேல் 128க்குள் எதுவாக இருந்தாலும், `float` சேமிக்கப்படும் முறையால் அதன் கடைசி பைட் B என்றே தெரியும். பெயருக்குப் பின்னால் தெரியும் கட்டங்கள், பயன்படுத்தாத இடத்தில் நினைவகத்தில் முன்பே கிடந்த மிச்சங்கள். கோப்புக்குள் ‘இது பெயர், இது மதிப்பெண்’ என்று எங்கும் எழுதியிருக்காது. அந்த வடிவம் புரோகிராமில் மட்டுமே இருக்கிறது. பழைய டர்போ சியில் `int` 2 பைட்தான். வழக்கமான அமைப்பில் காலியிடமும் விடாது. அங்கே இதே பதிவு 36 பைட். அங்கே எழுதிய கோப்பை வீட்டு லேப்டாப்பில் ஜிசிசி கொண்டு படித்தால் முதல் பதிவே குழம்பிவிடும்.

இனி, லேபில் அடிக்கடி காணும் ஒரு பிழை. கவிதா, முருகன், செல்வி என்று மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். பட்டியல் கேட்டால் நான்கு பேர் வருகிறார்கள். செல்வி இரண்டு முறை. கோப்பின் அளவைப் பார்த்தால் 120 பைட், அதாவது மூன்றே பதிவுகள். அப்படியானால் எழுதியதில் தவறில்லை, படிப்பதில்தான் தவறு. காரணம் இந்த வரிகள்:

```c
while (!feof(fp)) {
    fread(&s, sizeof s, 1, fp);
    printf("%d %s %.1f\n", s.roll, s.name, s.marks);
}
```

‘கோப்பு முடியாதவரை படி’ என்றுதான் இது வாசிக்கத் தோன்றும். `feof` அப்படி வேலை செய்வதில்லை. ஒருமுறை படிக்க முயன்று, அங்கே பைட் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லும். முதல் சுற்றில் கவிதாவைப் படித்ததும் கோப்பின் இடக்குறி 40இல் நிற்கிறது. முருகனுக்குப் பிறகு 80. செல்விக்குப் பிறகு 120, அதாவது கோப்பின் விளிம்பு. விளிம்பைத் தாண்டிப் படிக்க இன்னும் யாரும் முயலவில்லை. எனவே `feof` இல்லை என்கிறது, சுற்று நான்காவது முறையும் ஓடுகிறது. இப்போது `fread` எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் `s` என்ற மாறியில் செல்வியின் விவரம் அப்படியே இருக்கிறது. அடுத்த வரி அதைத்தான் மறுபடி அச்சிடுகிறது. காலிக் கோப்பைத் திறந்தாலும் இதே காரணத்தால் ஒரு குப்பைப் பதிவு திரையில் வரும்.

எத்தனை பதிவுகளைப் படித்தேன் என்று `fread` ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்கிறது. கேட்க வேண்டியது அந்தப் பதிலைத்தான்.

```c
while (fread(&s, sizeof s, 1, fp) == 1)
    printf("%d %s %.1f\n", s.roll, s.name, s.marks);
```

திருத்தம் செய்யும்போதும் இந்த இடக்குறியை மறந்துவிடக் கூடாது. முருகனின் மதிப்பெண்ணை 64இலிருந்து 69 ஆக்க வேண்டும். கோப்பை `"rb+"` என்று திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தால் 102 கிடைத்துவிடுகிறது. அப்போது இடக்குறி 80இல் இருக்கிறது, ஏனென்றால் முருகனைப் படித்து முடித்தாயிற்று. அங்கே அப்படியே எழுதினால் செல்வியின் மேல் எழுதுவதாகும். செல்வி காணாமல் போய், முருகன் இரண்டு பேராக நிற்பார், ஒருவர் பழைய மதிப்பெண்ணோடு, மற்றவர் புதிய மதிப்பெண்ணோடு. போதாததற்கு, படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும்போது இடையில் இடக்குறியை நகர்த்த வேண்டும் என்பது சி தரநிலையின் விதி. மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு பதிவு பின்னால் நகர்ந்துவிட்டு எழுதினால் இரண்டு தொல்லையும் தீரும்:

```c
s.marks = 69;
fseek(fp, -(long)sizeof s, SEEK_CUR);
fwrite(&s, sizeof s, 1, fp);
```

சேர்க்கும் பகுதியில் எழுதிய `"ab"` முறையை நினைத்துக்கொண்டு இங்கேயும் `"ab+"` என்று திறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முறையில் எங்கே நகர்த்தினாலும் எழுத்து கோப்பின் கடைசிக்கே போகும். பழைய முருகன் மாறாமல் இருக்க, புதிய முருகன் வாலில் சேர்ந்துகொள்வார். `"wb"` என்று திறந்தாலோ அந்த நொடியே கோப்பு காலியாகிவிடும்.

`b` என்ற அந்த ஓர் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று தோன்றலாம். லினக்ஸில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விண்டோஸில் அப்படி இல்லை. ரோல் நம்பர் 1 முதல் 60 வரை உள்ள ஒரு வகுப்பை வரிசையாகப் பதிந்துவிட்டு, கோப்பை வெறும் `"r"` என்று திறந்து பட்டியலிட்டுப் பாருங்கள். 25ஆம் மாணவரோடு பட்டியல் நின்றுவிடும். 26 என்ற மதிப்புள்ள பைட் என்பது கன்ட்ரோல்-இசட். டாஸ் காலத்திலிருந்து உரைக்கோப்பு முடிந்ததற்கான அடையாளம் அது. 26ஆம் மாணவரின் பதிவு அந்த பைட்டோடுதான் தொடங்குகிறது. எழுதும்போது `b`யை விட்டிருந்தால் சிக்கல் இன்னும் முன்பே தொடங்கியிருக்கும்: 10 என்ற பைட்டைப் புதுவரி என்று எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் 13ஐச் சேர்ப்பதால், பத்தாம் மாணவரின் பதிவு 41 பைட் ஆகிவிடும்.

கீபோர்டிலிருந்து வருவதும் கோப்பைப் போலவே பைட்டுகளின் வரிசைதான். மெனுவில் 1 என்று தட்டி என்டர் அழுத்தினால், `scanf("%d")` 1ஐ மட்டும் எடுத்துக்கொண்டு என்டரை அங்கேயே விட்டுவிடும். அடுத்து பெயரைக் கேட்கும் `fgets` அந்த என்டரையே முழு வரியாக எடுத்துக்கொள்ளும். பெயரைத் தட்ட வாய்ப்பே கிடைக்காமல், வெற்றுப் பெயரோடு பதிவு உள்ளே போய்விடும். மெனுவில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைத் தட்டினால் நிலைமை மோசம். `scanf` அதை எண்ணாக ஏற்க மறுத்து அங்கேயே விட்டுவிடும். மெனு மறுபடி வரும், அதே எழுத்து மறுபடி மறுக்கப்படும், திரை நிற்காமல் ஓடும். எண்ணோ பெயரோ எதுவானாலும் முதலில் முழு வரியையும் `fgets` கொண்டு ஒரு பெரிய வரிசையில் வாங்கிக்கொண்டு, பிறகு `sscanf` கொண்டு வேண்டியதைப் பிரித்தெடுப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

பெயரைத் தமிழில் தட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். `Muthulakshmi` என்பது 12 பைட். அதையே லினக்ஸ் டெர்மினலில் முத்துலட்சுமி என்று தட்டினால், யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியாக இடம் போய் 13 குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 39 பைட். `name[30]`இல் முடிவைக் குறிக்கும் ஒன்று போக 29 பைட்தான் நிற்கும். பெயர் ‘முத்துலட்’ என்பதோடு அறுந்து, அடுத்த குறியின் பாதி துண்டாகத் தொங்கும். மீதிப் பெயர் உள்ளீட்டிலேயே கிடக்க, அடுத்து மதிப்பெண் வாங்க வரும் `scanf` அதில் மோதித் தோற்கும். மதிப்பெண்ணைத் தட்ட விடாமலே பதிவு முடிந்துபோகும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்ததோ அதுவே அவருடைய மதிப்பெண்ணாகக் கோப்பில் ஏறிவிடும். இனிஷியலோடு தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் 100 பைட்டாவது ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய பிறகு பழைய கோப்பைச் சரியாகப் படிக்க முடியாது, பதிவின் அளவே மாறிவிட்டதே.

நீக்கத்துக்கு மட்டும் நேர்வழி கிடையாது. கோப்பின் நடுவிலிருந்து 40 பைட்டை வெட்டி எடுக்கும் கட்டளை சி நூலகத்தில் இல்லை. நீக்க வேண்டியவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதை `remove` செய்து, புதியதற்கு `rename` மூலம் பழைய பெயரை வைக்க வேண்டும். இரண்டு கோப்புகளையும் `fclose` செய்த பிறகே இதைச் செய்யுங்கள். விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பை `remove` நீக்காது. புரோகிராம் ‘நீக்கப்பட்டது’ என்று அச்சிடும், பட்டியலிலோ அந்த மாணவர் அப்படியே இருப்பார். இரண்டு கட்டளைகளும் வெற்றி பெற்றால் 0 திருப்பும். அந்த 0 வந்ததா என்று பார்த்துவிட்டு ‘நீக்கப்பட்டது’ என்ற வரியை அச்சிட்டால் போதும்.