இழுப்புச் சத்தம் வருவதற்கு முன்பே எண் இறங்கிவிடும்

பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் என் அம்மா இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர், இப்போது வயது 58. அவருக்கு ஆஸ்துமா இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதை நாங்கள் “இழுப்பு வந்தால் நீலப் பம்ப்” என்ற ஒரே வரியில்தான் புரிந்து வைத்திருந்தோம்.

முந்தைய வருட மார்கழி மழையில் அவருக்குத் தடிமன் பிடித்தது. மூன்று நாட்கள் நீலப் பம்பை அடித்துக்கொண்டே சமாளித்தார். தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும், “ஒண்ணுமில்ல புள்ள, கொஞ்சம் சளிதான்” என்றார். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவரால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து லயத்து அண்ணன் ஓட்டோவில் ஏற்றி, மழையில் குண்டும் குழியுமான தோட்டப் பாதையைக் கடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அம்மா பிழைத்துக்கொண்டார். வார்டில் இருந்த வைத்தியர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “இது ராத்திரி தொடங்கினதில்லை. மூணு நாளா என்ன செஞ்சீங்க?”

வீடு திரும்பும்போது அம்மாவிடம் மூன்று புதிய பொருட்கள் இருந்தன. ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், பம்ப் மருந்து நேராக நெஞ்சுக்குள் போவதற்கான ஸ்பேசர், பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்து வைத்தியர் கைப்பட எழுதிய ஒரு தாள். கொப்பியை மட்டும் நாங்கள் பசறை டவுனில் வாங்கினோம்.

ஊதிப் பார்ப்பது எதற்காக?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, அதைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாய் ஒடுங்க ஒடுங்க, ஒருவர் வேகமாக ஊதும் காற்றின் உச்ச வேகம் குறைகிறது. நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் என்று அந்த வேகத்தைத்தான் மீட்டர் காட்டுகிறது. குழாய் மெல்ல மெல்ல ஒடுங்கும்போது, அதுவும் பல வருடமாக இழுப்போடு பழகியவர்களுக்கு, அது உடம்பில் உறைப்பதில்லை. அவர்கள் “ஒண்ணுமில்ல” என்று சொல்வது பொய்யல்ல. உண்மையிலேயே அவர்களுக்குத் தெரிவதில்லை, மீட்டருக்குத் தெரிகிறது.

ஊதும் முறை எளிது, ஆனால் பிழை விடுவதும் எளிது. முள்ளை அடியில் கொண்டுவந்து வைத்து, நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதடுகளைக் குழாயைச் சுற்றி இறுக்கி மூடி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் மிகக் கூடியதை எழுத வேண்டும், சராசரியை அல்ல. விரல் முள்ளைத் தடுத்தாலோ நாக்கு குழாயை அடைத்தாலோ எண் பொய்யாகக் குறையும். துப்புவதுபோல ஊதினால் பொய்யாகக் கூடும். மூன்று ஊதலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றால் ஊதிய முறையில்தான் கோளாறு. காலையும் மாலையும், பம்ப் அடிப்பதற்கு முன்பே ஊத வேண்டும். நீலப் பம்ப் அடித்த பிறகு ஊதினால் நல்ல எண் வரும், வீக்கம் மறைந்துபோகும்.

“சொந்த உச்சம்” என்ற பொறி

நிறங்களைப் பிரிப்பது ஓர் எண்ணை வைத்துத்தான். அந்த நபர் நன்றாக இருக்கும்போது ஊதக்கூடிய அதிகபட்ச அளவு அது. அதில் 80 வீதத்துக்கு மேல் என்றால் பச்சை, 50 முதல் 80 வீதம் வரை மஞ்சள், 50 வீதத்துக்குக் கீழே சிவப்பு.

இங்கேதான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் வாரத்தில் அம்மா அதிகபட்சமாக ஊதியது 260. அதையே உச்சமாக எடுத்துக் கணக்குப் போட்டேன். அப்படிப் பார்த்தால் 210 வரைக்கும் பச்சை. கிளினிக்கில் கொப்பியைப் பார்த்த வைத்தியர் அந்தக் கோடுகளை அடித்துவிட்டார். நோயிலிருந்து மீளாத வாரத்தின் எண் உச்சமாகாது, தினமும் தவறாமல் பிறவுண் பம்ப் எடுத்து, இருமல் இல்லாமல் தூங்கும் இரண்டு வாரங்களின் மிகக்கூடிய எண்தான் உச்சம் என்றார். ஒரு மாதம் கழித்து அம்மா 320 ஊதினார்.

இப்போது கணக்கு மாறியது. 320இல் 80 வீதம் 256, பாதி 160. முன்பு பச்சை என்று நான் நினைத்த 210, உண்மையில் உச்சத்தின் 66 வீதம்தான், நடு மஞ்சள். தவறான உச்சம் ஆபத்துக்குப் பச்சைப் பூச்சுப் பூசிவிடும். உயரத்தையும் வயதையும் வைத்துச் சொல்லும் பொது அட்டவணையைவிட அவரவர் உச்சமே பயனுள்ளது. மீட்டரை மாற்றினால் உச்சத்தையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மீட்டர் காட்டுவதை இன்னொன்று அப்படியே காட்டாது.

மருந்தை எப்போது கூட்டுவது?

கடந்த மார்கழியில் மறுபடியும் தடிமன் வந்தது. இந்த முறை கொப்பி இருந்தது. ஞாயிறு காலை 310, மாலை 320. திங்கள் 300, 310. செவ்வாய் காலை 270, மாலை 300. மூன்று நாளும் பச்சைதான். ஆனால் காலை எண் சரியத் தொடங்கியிருந்தது, காலைக்கும் மாலைக்கும் இடையிலான இடைவெளி அகன்றிருந்தது. குழாய் எரிச்சலடைந்திருப்பதற்கு அதுவே முதல் அடையாளம். அம்மா அன்று அடுப்படியைத் தங்கையிடம் விட்டார். புகைபோக்கி இல்லாத லயத்து அடுப்பில் ஈர விறகு எரிவதைவிட அவருக்குக் கெட்டது வேறில்லை.

புதன் காலை 230. அது 72 வீதம், மஞ்சள். அந்த இரவு இருமலில் எழுந்துமிருந்தார். இழுப்புச் சத்தம் மட்டும் இன்னும் இல்லை. தாளில் மஞ்சளுக்கு எழுதியிருந்ததைச் செய்தோம். நீலப் பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு முறை எடுத்து, 20 நிமிடம் கழித்து ஊதினார், 270 வந்தது. முன்பென்றால் இதோடு விட்டிருப்போம். ஆனால் நீலப் பம்ப் தசையைத் தளர்த்துவது சுமார் நான்கு மணித்தியாலத்துக்குத்தான், வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது பிறவுண் பம்பில் உள்ள ஸ்டீரொயிட் மருந்து, அதற்கு நாட்கள் தேவை. அதனால்தான் அதை மஞ்சளின் வாசலிலேயே கூட்ட வேண்டும். அம்மாவின் தாளில், தினம் எடுக்கும் அளவை நான்கு மடங்காக்கி, பழைய நிலைக்குத் திரும்பும் வரை, அதிகபட்சம் 14 நாட்களுக்கு எடுக்கும்படி இருந்தது.

ஏன் நான்கு மடங்கு, இரண்டு மடங்கு போதாதா என்று கேட்டேன். இரண்டு மடங்காக்குவதால் பெரிய பலன் இல்லை என்பது முன்பே ஆய்வுகளில் தெரிந்த விடயம். நான்கு மடங்காக்கினால் கடுமையான தாக்குதல்கள் ஓரளவு குறைவதை 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று பெரியவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் காட்டியது. அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து மடங்காக்கியும் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அம்மாவின் தாளைப் பார்த்துப் பேரப்பிள்ளையின் பம்பைக் கூட்டக்கூடாது. ஒரே பம்பில் இரண்டு மருந்து கலந்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களுடைய தாள் வேறு. பிரெட்னிசொலோன் குளிசையை வைத்தியர் தாளில் எழுதிக் கையில் தந்திருந்தால் மட்டுமே வீட்டில் தொடங்கலாம். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் வாங்கி விழுங்குவது திட்டமல்ல.

வியாழன் 220, 250. வெள்ளி 240, 270. சனி 270, 290. எண் திரும்பிவிட்டது, அந்த முறை ஓட்டோ தேவைப்படவில்லை. மருந்தைக் கூட்டி 48 மணித்தியாலத்தில் எண் ஏறாவிட்டாலோ, நீலப் பம்பின் பலன் நான்கு மணித்தியாலம்கூட நிற்காவிட்டாலோ, மஞ்சளில் இருந்தாலும் வைத்தியரிடம் போயே ஆக வேண்டும்.

தோட்டத்துக்கு இன்னொரு கோடு

பதுளை டவுனில் இருப்பவருக்கு 160 என்பது போதுமான எச்சரிக்கை. எங்களுக்கு அப்படியல்ல. இருட்டில், மழையில், ஓட்டோ தேடி இறங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் வைத்தியரிடம் கேட்டு 200இல் ஒரு கோடு போட்டோம். நீலப் பம்ப் எடுத்த பிறகும் மாலையில் 200க்குக் கீழே நின்றால், விடியும் வரை காத்திருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். இழுப்பு மோசமாவது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான்.

சிவப்பில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. 160க்குக் கீழே இறங்கினாலோ, பேச்சு இரண்டு மூன்று சொல்லில் முறிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ முதலில் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது ஏற முடியாத பாதை என்றால் கிடைக்கும் வாகனத்தில் கிளம்ப வேண்டும். அதற்கிடையில் நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, நீலப் பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு விட்டு, பத்து வரை கொடுக்கலாம். வழியிலும் தொடரலாம். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரின் இழுப்புச் சத்தம் திடீரென நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் அர்த்தமாக இருக்கலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் மீட்டரைச் சரியாக ஊத முடியாது. அவர்களிடம் விலா இடுக்கு உள்ளே குழிவது, பால் அல்லது சாப்பாட்டை மறுப்பது, அழக்கூட முடியாமல் சோர்வது ஆகியவைதான் சிவப்பு.

பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியானது. கையில் எழுத்துமூலத் திட்டம் இருந்தது அவர்களில் 23 வீதத்தினருக்குத்தான். 45 வீதமானோர் உதவி கேட்காமலோ, உதவி வந்து சேர்வதற்கு முன்போ இறந்திருக்கிறார்கள். அம்புலன்ஸ் சில நிமிடங்களில் வரும் நாட்டிலேயே நிலைமை இது.

அம்மாவின் தாள் இப்போது சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில் தங்கை ஓட்டோக்கார அண்ணனின் நம்பரை எழுதி வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் நான் தொலைபேசியில் “எப்படி இருக்கீங்கம்மா?” என்று கேட்பதில்லை. “காலையில எவ்வளவு?” என்றுதான் கேட்கிறேன். நேற்று 310.